ஹார்ட்னஸ் 992 என்று எழுதிக் கொடுத்தார்கள், தண்ணீரில் இருந்தது 496: போர்வெல் தண்ணீர் டெஸ்ட் எடுக்கிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கே வந்து தண்ணீர் டெஸ்ட் செய்து, கால்சியமும் மக்னீசியமும் தரும் ஹார்ட்னஸை, அதாவது கடினத்தன்மையை நீக்கும் சாஃப்டனர் மாட்டித் தரும் ஒரு கடை. பெயர் சொல்லப் போவதில்லை. அந்தக் கால்சியம், மக்னீசியத்தைப் பிடிக்கும் ரெசின் 25 லிட்டர் போதும் என்ற இடத்தில் 50 லிட்டர் மெஷினை மாட்டிவிட்டுப் போனார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முப்பத்தெட்டாயிரம். மெஷின் ஓடுகிறது, ரெசினும் நல்ல ரெசின்தான். ஏமாற்று முழுக்க ஒரு வரிக் கணக்கில் நடந்தது.

நம்பியதற்குக் காரணம், டெஸ்ட்டைக் கண் முன்னால் செய்தார்கள். டிடிஎஸ் மீட்டரை முக்கிவிட்டு "ஹார்ட்னஸ் இவ்வளவு" என்று சொல்லும் ரகம் இல்லை. வந்தவர் 25 மில்லி தண்ணீரைப் பிப்பெட்டில் எடுத்தார், டிஸ்டில்டு வாட்டர் விட்டு 50 மில்லி ஆக்கினார். அம்மோனியா வாடை அடிக்கும் பஃபர் சேர்த்தார். அது pH-ஐ 10 அருகே நிறுத்தும். நிறம் மாறிக் காட்டும் எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டதும் ஒயின் சிவப்பு வந்தது. பியூரெட்டிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும் இடிடிஏ கரைசல் சொட்டச் சொட்டக் குடுவையைச் சுழற்றினார். சிவப்பு ஊதாவாக மங்கியது. அதன்பின் ஒரு சொட்டு விழுந்ததும் சிவப்புச் சாயல் துளியும் இல்லாத நீலம். பியூரெட்டில் 12.4 மில்லி, நானே குனிந்து படித்தேன். இவ்வளவு சுத்தமாகச் செய்கிற ஆளைச் சந்தேகிக்க மனசு வரவில்லை. அங்கேதான் விழுந்தேன்.

இடிடிஏ பாட்டில் லேபிளில் இருந்தது N/50, அதாவது 0.02 N. அவர் தாளில் போட்ட கணக்கு இது:

```
12.4 × 0.02 × 100000 / 25 = 992
```

போட வேண்டிய கணக்கு இது:

```
12.4 × 0.02 × 50000 / 25 = 496
```

ஒரு இடிடிஏ மூலக்கூறு ஒரு கால்சியம் அயனியைப் பிடிக்கும், ஒன்றுக்கு ஒன்று. கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. அதனால் இடிடிஏ-வின் வலிமையை M-இல், அதாவது மோலாரிட்டியில் எழுதினால் பெருக்க வேண்டிய எண் 1,00,000. N-இல், அதாவது நார்மாலிட்டியில் எழுதினால் கதை வேறு. கால்சியத்துக்கு இரண்டு மின்சுமை, ஆகவே ஒரு மோல் என்பது இரண்டு ஈக்விவலன்ட். ஈக்விவலன்ட் எடை 50, பெருக்கும் எண் 50,000. பாட்டிலில் இருந்த 0.02 N-உம் 0.01 M-உம் ஒரே கரைசல். அதில் 1 மில்லி செலவானால் 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று அர்த்தம். 25 மில்லி தண்ணீருக்கு 12.4 மில்லி செலவானால் லிட்டருக்கு 496 மில்லிகிராம். ஃபார்முலா தெரியாவிட்டாலும் மனக்கணக்காகவே வந்துவிடும்.

N-இல் உள்ள எண்ணை எடுத்து M-க்கான எண்ணால் பெருக்கினால் விடை சரியாக இரட்டிப்பாகும். கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டிலில் நிஜமாகவே 0.02 M கரைசல் இருந்திருந்தால் அதே தண்ணீரில் 6.2 மில்லியிலேயே நீலம் வந்திருக்கும். 12.4 வரை போனதை அவரும் பார்த்தார்.

ரிப்போர்ட் தப்பு என்பதற்கு அதே தாளிலேயே சாட்சி இருந்தது. பணம் கட்டுவதற்கு முன்னால் நான் பார்க்கவில்லை, நீங்களாவது பாருங்கள். இரண்டு வரி மேலே மின்கடத்துதிறன் 1,350 மைக்ரோசீமன்ஸ் என்று போட்டிருந்தார்கள். தண்ணீரின் மின்கடத்துதிறனை 100-ஆல் வகுத்தால், அதில் உள்ள நேர்மின் அயனிகளின் மொத்தம் லிட்டருக்கு எத்தனை மில்லிஈக்விவலன்ட் என்று தோராயமாகக் கிடைக்கும். இங்கே 13.5. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் சேர்ந்தே அவ்வளவுதான். ஹார்ட்னஸை 50-ஆல் வகுத்தால் கால்சியம், மக்னீசியம் இரண்டின் பங்கு மட்டும் வரும். 992-ஐ வகுத்தால் 19.8. மொத்தமே 13.5 இருக்கும்போது அதில் ஒரு பகுதி 19.8 எப்படி ஆகும்? 496-ஐ வகுத்தால் 9.9, மீதி சோடியத்துக்குப் போகும், கச்சிதமாக உட்காருகிறது. இது தோராய விதி, பத்து சதவீதம் முன்னே பின்னே போகும். சல்ஃபேட் அதிகமான தண்ணீரில் இன்னும் கொஞ்சம் விலகும். எப்படி விலகினாலும் 13.5-க்குள் 19.8 அடங்காது.

சந்தேகம் வந்து வேறு லேபில் கொடுத்தேன். 488 வந்தது. 496-க்கும் 488-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டாம். 25 மில்லி சாம்பிளில் ஒரு சொட்டு, அதாவது 0.05 மில்லி கூடினால் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் கூடும். எட்டு பிபிஎம் என்பது நான்கு சொட்டு. வேறு கை, வேறு பியூரெட், அவ்வளவு இருக்கும்.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் முதல் பதில்: "மழைக்கு முன்னால எடுத்ததுங்க சார், சீசனுக்கு மாறும்." மாறும்தான். ஆனால் டெஸ்ட்டுக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவே பதினோரு நாள், ஒரு சொட்டு மழை இல்லை. தவிர, அவருடைய 12.4 மில்லியையே சரியாகக் கணக்குப் போட்டால் 496 வருகிறதே, சீசன் எங்கே வந்தது? இரண்டாவது பதில்: "N, M எல்லாம் ஒண்ணுதான் சார், புக்ல ரெண்டு மாதிரி போட்டிருப்பாங்க."

மூன்றாவதுதான் உச்சம். புது ரிப்போர்ட்டில் கால்சியம் 122, மக்னீசியம் 44.5, மொத்த ஹார்ட்னஸ் 488 என்று இருந்ததா, அதில் விரலை வைத்து, "122-உம் 44-உம் கூட்டினா 166 தானே வருது, 488 போட்டிருக்காங்க. கூட்டல்கூடத் தெரியாத லேபை நம்பி எங்க கடைக்கு வர்றீங்களே" என்றார். தண்ணீர் டெஸ்ட்டையே பிழைப்பாக வைத்திருப்பவர் சொல்கிற பேச்சா இது!

இதில் நிறையப் பேர் குழம்புவதால் சொல்லிவிடுகிறேன். "பிபிஎம் கால்சியம் கார்பனேட்டாக" என்பது ஒரு பொது அளவுகோல். தண்ணீரில் அவ்வளவு கால்சியம் கார்பனேட் கரைந்திருக்கிறது என்று பொருளல்ல. ஹார்ட்னஸ் தரும் எல்லா அயனியையும், அத்தனையும் கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு எடை இருக்கும் என்று மாற்றி எழுதுகிறோம். கால்சியம் கால்சியமாகவே எழுதப்பட்டிருந்தால் 2.5-ஆல் பெருக்க வேண்டும். 122 என்பது 305 ஆகும். மக்னீசியம் எடை குறைந்த அயனி, அதனால் 4.12-ஆல் பெருக்க வேண்டும், 44.5 என்பது 183 ஆகும். 305-உம் 183-உம் சேர்ந்தால் 488. அந்த லேப் நன்றாகத்தான் கூட்டியிருக்கிறது. ரிப்போர்ட்டில் வெறும் பிபிஎம் என்று மட்டும் இருந்தால், எதுவாக எழுதியது என்று கேட்காமல் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "உங்க ஃபார்முலாதான் சரின்னா, 1000 பிபிஎம் ஸ்டாண்டர்டு கால்சியம் கரைசல் 10 மில்லி எடுத்து இங்கேயே டைட்ரேட் பண்ணுங்க." அந்தக் கரைசலில் மில்லிக்கு 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் இருக்கும். N/50 இடிடிஏ சரியாக 10 மில்லி செலவாகும். அவருடைய கணக்குப்படி விடை 2000 வரும். தெரிந்த ஆயிரத்தை இரண்டாயிரம் என்று காட்டும் கணக்கு, தெரியாத தண்ணீரில் மட்டும் சரியாகவா காட்டும்? "ஸ்டாண்டர்டு ஸ்டாக் இல்லைங்க, ஓனர் வந்ததும் கூப்பிடறோம்" என்றார்கள். ஒன்பது நாள் ஆகிவிட்டது. இப்போது போனையும் எடுப்பதில்லை.

முப்பத்தெட்டாயிரம் போனதோடு முடியவில்லை, உப்புச் செலவும் கூட வருகிறது. ஒரு நாள் செலவு 1,000 லிட்டர். உண்மையான ஹார்ட்னஸ்படி ரெசின் தினம் பிடிக்க வேண்டியது கிட்டத்தட்ட 500 கிராம். லிட்டர் ரெசினுக்கு 45 கிராம் என்று வைத்தாலும் 50 லிட்டர் ரெசின் நாலரை நாள் தாங்கும். 992 என்று நம்பி டைமரை இரண்டு நாளுக்கு ஒரு முறை ரீஜெனரேஷன், அதாவது உப்புத் தண்ணீர் விட்டு ரெசினைப் புதுப்பிப்பது, என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதிகூடத் தீராத ரெசினுக்கு ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 150 கிராம் வீதம் ஏழரைக் கிலோ உப்பு. டைமரை நானே நாலு நாளுக்கு மாற்றிவிட்டேன். மெஷின் வைத்திருப்பவர்கள் உங்கள் டைமரையும் ஒரு தடவை பாருங்கள்.

விரிவாக டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக:

சாம்பிள் எத்தனை மில்லி, இடிடிஏ எத்தனை மில்லி செலவானது, பாட்டிலில் N-ஆ M-ஆ, இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். லேபிளைப் போட்டோ எடுங்கள்.

வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பிளாங்க் போடச் சொல்லுங்கள். அதற்கே அரை மில்லி செலவானால் அதைக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் 25 மில்லி சாம்பிளில் 20 பிபிஎம் சும்மா ஏறும்.

நீலம் பளிச்சென்று வராமல் ஊதாவிலேயே இழுத்தடித்தால் அந்த ரீடிங்கை ஏற்காதீர்கள். பஃபர் பழசாகி அம்மோனியா பறந்திருக்கலாம், தண்ணீரில் இரும்பு இருக்கலாம்.

மோட்டார் போட்டதும் வரும் தண்ணீரைப் பிடிக்காதீர்கள், கொஞ்ச நேரம் ஓடட்டும். பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி அன்றைக்கே கொடுங்கள். நாள் கணக்கில் வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும். படிந்தது ரிப்போர்ட்டில் வராது.

டெஸ்ட் செய்கிறவரும் மெஷின் விற்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன், முழுசாக.