மறையும் செய்தியை நம்பி 18,500 ரூபாய் இழந்தேன்: ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தயங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இதை எழுதும்போது என் முன்னால் திறந்திருக்கும் உரையாடலில் ஒரே ஒரு வரிதான் எஞ்சியிருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் மறையும் செய்திகளை இயக்கியுள்ளார் என்றும், புதிய செய்திகள் அனுப்பப்பட்ட 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்றும் செயலி தானாக இட்ட அறிவிப்பு அது. அதற்குக் கீழே வெறுமை. அந்த வெறுமைக்குள் ஒரு மடிக்கணினி, ஒரு வாக்குறுதி, என் 18,500 எல்லாம் இருந்தன.

புகைப்படங்கள் பகிரும் ஒரு செயலியில், பழைய மடிக்கணினி விற்பதாக அறிவித்திருந்த ஒருவரிடம் பேசத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு விலை படிந்தது. பணம் அனுப்ப வேண்டிய விவரத்தைக் கேட்டபோது, அவர் உரையாடலை வேனிஷ் மோடுக்கு மாற்றினார். திரை கறுத்தது. "கணக்கு விவரம் யார் கையிலும் சிக்கக் கூடாது அண்ணா, அதனால்தான். இங்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரிகிறது" என்று எழுதினார். நான் ஏமாந்தது அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். அவர் சொன்ன தகவல் பொய்யல்ல. அந்தத் தகவலைக் கொண்டு என் கையைக் கட்டிய விதம்தான் தந்திரம்.

வேனிஷ் மோடில் நடப்பது இதுதான். இருவரில் ஒருவர் உரையாடல் திரையை மேல்நோக்கி இழுத்தால் அந்த முறை தொடங்கும். அப்போது அனுப்பும் செய்தியை மற்றவர் பார்த்துவிட்டு உரையாடலை விட்டு வெளியேறினாலோ, அந்த முறையை நிறுத்தினாலோ அது மறைந்துவிடும். இங்கே கடிகாரம் எதுவும் ஓடுவதில்லை. பார்த்ததும் வெளியேறியதும்தான் கணக்கு. அங்குள்ள செய்தியை வேறொருவருக்கு அனுப்பவும் முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால், இன்னார் எடுத்தார் என்று உரையாடலிலேயே ஒரு வரி தோன்றும். ஆனால் அந்த வரி ஒரு தகவல் மட்டுமே, தடை அல்ல. நான் எடுத்திருந்தால் அந்தப் படம் என் தொலைபேசியில் அப்படியே இருந்திருக்கும். அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்தால் என்ன? நேர்மையான விற்பனையாளர் ஒருவர், வாங்குபவர் பதிவு வைத்துக்கொள்வதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். இதை நான் வெள்ளிக்கிழமை இரவு யோசித்திருக்க வேண்டும். மரியாதை குறைந்துவிடும் என்று கூச்சப்பட்டேன். மடிக்கணினியின் வரிசை எண், "எந்தப் பழுதும் இல்லை" என்று அவர் தந்த உறுதி, கணக்கு விவரம் ஆகிய மூன்றும் நான் செயலியை மூடிய நொடியில் போயின.

சனிக்கிழமை காலை 18,500 அனுப்பினேன். உடனே அவர், பொருள் அனுப்புவது பற்றிப் பேச, தொலைபேசி எண் வழியாக இயங்கும் வேறொரு செய்திச் செயலிக்கு வரச் சொன்னார். அங்கே முதல் வேலையாக 24 மணி நேர டைமரை இயக்கிவிட்டு, "இங்கேயும் அதே போலத்தான் அண்ணா, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தெரியும்" என்றார். இது பச்சைப் பொய். அந்தச் செயலியின் டைமர் உரையாடல்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் யாருக்கும் எந்த அறிவிப்பும் போவதில்லை. இரண்டும் ஒன்றே என்று நினைத்த என் அறியாமையை அவர் முழுதாகப் பயன்படுத்திக்கொண்டார்.

அந்த டைமரைப் பற்றி நான் தவறாகப் புரிந்திருந்த இன்னொன்றும் உண்டு. நான் படித்த பிறகுதான் 24 மணி நேரம் தொடங்கும் என்று எண்ணியிருந்தேன். சிக்னல் போன்ற செயலியில் பெறுபவருக்கு அப்படித்தான். அவர் பார்த்த பிறகே அவருடைய கணக்கு தொடங்குகிறது. நான் பேசிய செயலியிலோ, செய்தி அனுப்பப்பட்ட நேரத்திலிருந்தே கணக்கு ஓடுகிறது. நாம் படித்தோமா இல்லையா என்பது அதற்குப் பொருட்டே அல்ல. ஞாயிறு இரவு 9:40-க்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பூட்டுத்திரையில் "கூரியர் எண் அனுப்பியுள்ளேன், பெட்டியைத் திறக்கும்..." என்பது வரை தெரிந்தது. வீட்டில் ஒருவருக்கு உடல்நலமில்லாததால், பிறகு பார்க்கலாம் என்று அறிவிப்பைத் தள்ளிவிட்டேன். திங்கள் இரவு 10:15-க்கு உரையாடலைத் திறந்தேன். 35 நிமிடம் தாமதம். செய்தி இல்லை. நான் ஒருமுறைகூட முழுதாகப் படிக்காத செய்தி அது.

புதன்கிழமை பெட்டி வந்தது. மடிக்கணினி உயிர்பெறவே இல்லை. மின்னூட்டக் கம்பியைச் செருகினால் விளக்குகூட எரியவில்லை. அவரிடம் சொன்னபோது வந்த பதிலை என்னால் மறக்க முடியாது: "பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பப் பெற மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமையே சொன்னேனே, நீங்கள் பார்க்கவில்லையா?" உண்மையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தாரா, அல்லது அந்த அரைகுறை வரியை நான் பார்த்திருப்பேன் என்று ஊகித்துப் புதிதாகக் கட்டினாரா என்பதை நிரூபிக்க இப்போது எதுவும் இல்லை. முழுப் பணமும் திருப்பித் தருவதாகச் சொன்னதை நினைவூட்டினேன். "அப்படி எந்தச் செய்தி? காட்டுங்கள்" என்றார்.

காட்ட என்னிடம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை அவர் அனுப்பிய "பழுது இருந்தால் 7 நாளுக்குள் முழுப் பணமும் தருவேன்" என்ற செய்தியை, அக்காவுக்கும் தெரியட்டும் என்று அவருக்கு அனுப்பியிருந்தேன். அக்காவுடனான உரையாடலில் டைமர் இல்லாததால் அது அங்கே அப்படியே இருந்தது. செய்தியை வேறொருவருக்கு அனுப்பினால் முதலில் எழுதியவருக்கு எந்தத் தகவலும் போவதில்லை. அதைக் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்ததிலிருந்தே, அது அவருக்குத் தெரியவில்லை என்பது புரிந்தது. ஆனால் மகிழ்ச்சி சில நிமிடங்கள்தான் நீடித்தது. இப்படி அனுப்பிய செய்தியின் மேல், இது பிறரிடமிருந்து வந்து அனுப்பப்பட்டது என்ற குறி மட்டுமே இருக்கிறது. எழுதியவர் பெயரோ, எண்ணோ, முதலில் எழுதப்பட்ட நேரமோ இல்லை. "இதை நான் எழுதினேன் என்று எதில் இருக்கிறது? உங்கள் அக்காவுக்கு நீங்களே எழுதியிருக்கலாமே" என்றார். அத்துடன் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கதவு கதவாகத் தட்டினேன். பணம் அனுப்பிய சேவையினர், நானே மனமுவந்து அனுப்பிய தொகை என்றும், விற்பனை ஒப்பந்தத்தைக் காட்டும் உரையாடல் இருந்தால் மட்டுமே பார்க்க முடியும் என்றும் சொன்னார்கள். அக்காவின் தொலைபேசியில் இருந்த அந்தச் செய்தியைப் படம் எடுத்து அனுப்பினேன்; அனுப்பியவர் யார் என்று தெரியவில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். 18,500 அவர்களுக்கு ஒரு வரி. செய்திச் செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதிக் கேட்டதற்கு, உரையாடல்கள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை, தங்களிடம் நகல் இல்லை என்ற ஆயத்த பதில் வந்தது. இதில் அவர்கள் சொல்வது தொழில்நுட்ப ரீதியாகச் சரிதான் என்பது எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. அங்கே புகார் பொத்தானை அழுத்தினால், அந்த உரையாடலின் கடைசிச் சில செய்திகள் நம் தொலைபேசியிலிருந்துதான் எடுத்து அனுப்பப்படுகின்றன. நம்மிடமே மறைந்துபோனதை அது எங்கிருந்து எடுக்கும்?

காப்புப் பிரதியிலாவது கிடைக்குமா என்று ஓர் இரவு முழுவதும் முயன்றேன். செய்தி மறைவதற்கு முன் காப்புப் பிரதி எடுக்கப்பட்டிருந்தால் அதற்குள் அது இருக்கவே செய்யும். ஆனால் பிரதியை மீட்டெடுக்கும்போது, கெடு முடிந்த செய்திகளைச் செயலியே நீக்கிவிடுகிறது. விடியும்போது கிடைத்தது அதே ஒற்றை வரி அறிவிப்புதான். ஆண்ட்ராய்டில் அறிவிப்பு வரலாறு என்ற அமைப்பு உண்டு. அதை முன்கூட்டியே இயக்கியிருந்தால் கடந்த 24 மணி நேர அறிவிப்புகளைப் பார்க்கலாம். நான் தேடிப்போனது புதன்கிழமை. அதற்கு முன் அதை இயக்கியிருக்கவும் இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதை இந்த எரிச்சலில்தான் தேடிப் படித்தேன். செயலிக்குக் கண் கிடையாது. நீங்கள் படம் எடுத்ததைத் தொலைபேசியின் இயங்குதளம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். ஐபோனில் அப்படிச் சொல்லும் வசதி வெகுகாலமாக உள்ளது. திரைப்பதிவு ஓடுவதையும் செயலியால் அறிய முடியும். ஆண்ட்ராய்டில் இதற்கான முறையான வசதி 2023-இல் 14-ஆம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் படக் கோப்புறையில் புதிய கோப்பு ஏதும் விழுகிறதா என்று செயலிகள் கவனித்தன. சொல்லப்பட்ட தகவலை மற்றவருக்குத் தெரிவிப்பதா இல்லையா என்பது செயலியின் முடிவு. வேனிஷ் மோடும் ஸ்னாப்சாட்டும் தெரிவிக்கின்றன. எனக்கு வாய்த்த 24 மணி நேர டைமர் தெரிவிப்பதில்லை. தெரிவிப்பது வேறு, தடுப்பது வேறு: ஒருமுறை மட்டும் பார்க்கும் படங்களில் சில செயலிகள் ஸ்கிரீன்ஷாட்டையே கறுப்பாக்கிவிடுகின்றன. ஆனால் மேசைமீது வைத்த தொலைபேசியை இன்னொரு தொலைபேசியின் கேமராவால் படம் எடுத்தால், உலகில் எந்தச் செயலிக்கும் அது தெரியாது. வீட்டில் எத்தனையோ பழைய தொலைபேசிகள் கிடக்க, நான் கூச்சத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 18,500 போனது அந்தக் கூச்சத்துக்கு.

விரிவாக அறிவுரை எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் சொல்கிறேன். பணப் பேச்சு நடக்கும்போது எதிராளி வேனிஷ் மோடுக்கு இழுத்தால், வெளியே வந்து, சாதாரண உரையாடலில் அதையே மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள். டைமர் இயங்குகிறது என்ற அறிவிப்பைக் கண்டால் உடனே நிறுத்துங்கள்; இருவர் பேசும் உரையாடலில் அந்த உரிமை உங்களுக்கும் உண்டு. அவர் மீண்டும் இயக்கினால் அதற்கும் ஒரு வரி பதிவாகும். ஆதாரத்துக்காகச் செய்தியைப் பிறருக்கு அனுப்பி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அவர் எண்ணும் தேதியும் தெரியும்படி முழுத் திரையையும் படம் எடுங்கள். வந்த செய்தியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அந்த விற்பனையாளரின் கணக்கு இன்றும் இயங்குகிறது. நேற்று அதே மடிக்கணினியின் அதே படத்தோடு இன்னொரு விளம்பரம் போட்டிருக்கிறார். அக்காவின் தொலைபேசியிலிருந்து அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.