ஐயச் சொல்லைக் காட்டுவது நம்பக மதிப்பெண்ணா, எல்லைப் பெட்டியா?

படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் டெசராக்ட் மென்பொருள், தன் அட்டவணை வெளியீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் `conf` என்ற மதிப்பெண்ணையும், `left`, `top`, `width`, `height` என்ற பெட்டி அளவுகளையும் தருகிறது. `conf` -1 என்றுள்ள வரிசைகள் சொற்களே அல்ல. அவற்றை முதலில் நீக்கிவிட வேண்டும்.

எளிமை
மதிப்பெண்: ஒரு வரம்பு, ஓர் ஒப்பீடு போதும்.
பெட்டி: வரியிலுள்ள சொற்களின் இடைநிலை உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

பிடிபடும் பிழை
மதிப்பெண்: மங்கலான எழுத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று படித்துவிட்டு உயர்ந்த மதிப்பெண் தருவதும் உண்டு, அதைப் பெட்டியும் பிடிக்காது, அகராதிதான் வேண்டும்.
பெட்டி: மற்ற சொற்கள் 40 பிக்சல் உயரமிருக்க, ஒன்று மட்டும் 85 என்றால் பெரும்பாலும் இரு வரிகள் ஒட்டியிருக்கும், 9 என்றால் அது தூசியாகவோ தனிக்கோடாகவோ இருக்கலாம்.

மங்கிய ரசீதுக்கு மதிப்பெண் பொருந்தும். நெருங்கிய வரிகள் கொண்ட பழைய நூல் பக்கத்துக்கு நான் பெட்டியையே முதலில் பார்ப்பேன்.