லோன்ல பார்ட் பேமெண்ட் கட்டுனவங்க அந்த மாச வட்டிய ஒரு தடவ கணக்கு போட்டு பாருங்க

ஒரு பேங்க்ல எனக்கு லோன் இருக்கு, வட்டி 9.5 சதவீதம், தினசரி பாக்கி மேலதான் வட்டின்னு அக்ரிமெண்ட்லயே இருக்கு. 1ம் தேதி இஎம்ஐ போனப்புறம் அசல் பாக்கி 8,00,000, அதுல 5ம் தேதி 2,00,000 கட்டுனேன், ரசீதும் வந்துச்சு. ஆனா ஸ்டேட்மெண்ட்ல அந்த 31 நாள் மாசத்துக்கு வட்டி 6,454.79 போட்டிருந்தாங்க. அது முழு 8,00,000க்கு 31 நாளுக்கும் வர்ற வட்டி, நான் கட்டுன பணம் மாசக் கடைசி வரைக்கும் அசல்ல கழியவே இல்ல.

கேட்டா "சிஸ்டம் போடுற வட்டி சார், தப்பா வராது"ன்னு ஒரே பதில். கோவம்தான் வந்துச்சு, ஆனா வாய்ல பேசி பிரயோஜனம் இல்லன்னு லெட்டரா எழுதினேன்.

எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வேலை முக்கியம். பார்ட் பேமெண்ட் கட்டாத முந்தின மாசங்களோட வட்டிய அதே ஸ்டேட்மெண்ட வச்சு போட்டுப் பாத்தேன், பாக்கி x 9.5% x நாள் ÷ 365, பைசா வரைக்கும் அவங்க கணக்கோட ஒத்துப்போச்சு. இத லெட்டர்ல முதல்லயே எழுதிட்டேன், ஏன்னா இல்லேன்னா "எங்க கணக்கு முறை வேற"ன்னு ஒரு வரில முடிச்சிருவாங்க. அவங்க முறையிலயே போட்டாலும் இந்த ஒரு மாசம் மட்டும்தான் இடிக்குதுன்னு ஆகிப்போச்சு.

அப்புறம் சரியான கணக்கு: 1 முதல் 4 வரை நாலு நாள் 8,00,000க்கு 832.88, 5 முதல் 31 வரை 27 நாள் 6,00,000க்கு 4,216.44, மொத்தம் 5,049.32. கூடுதலா எடுத்தது 1,405.47. அக்ரிமெண்ட்ல அந்த ஷரத்து நம்பர், ரசீது, ஸ்டேட்மெண்ட்ல அந்த வரி, எல்லாத்தையும் இணைச்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டு, ஈமெயில்லயும் போட்டு புகார் நம்பர் வாங்கிக்கிட்டேன்.

பணத்தத் திருப்பிக் குடுங்கன்னு மட்டும் எழுதாதீங்க. 2,00,000 வரவ 5ம் தேதியிட்டு அசல்ல கழிச்சு, அதுக்கப்புறம் வந்த மாசங்களுக்கும் வட்டிய மறுபடி போட்டு, புது தவணை அட்டவணை குடுங்கன்னு கேளுங்க. எனக்கு முதல்ல 1,405.47ஐ சேவிங்ஸ் கணக்குல போட்டு புகார மூடப் பாத்தாங்க, அப்ப லோன் பாக்கி அதே தப்பான தொகையிலதான நிக்கும், அதுக்கும் மாசாமாசம் வட்டி ஓடுமே? ஒத்துக்கல.

உங்க அக்ரிமெண்ட்ல மாசாந்திர பாக்கி மேல வட்டின்னு இருந்தா இந்த வாதம் எடுபடாது, அத முதல்ல பாத்துக்கங்க.

கடைசில பணத்த தனி கணக்குல நிறுத்தி வச்சிருந்தோம்னு எழுத்துல ஒத்துக்கிட்டு திருத்துனாங்க. போன வருஷம் கட்டுன இன்னொரு பார்ட் பேமெண்ட்லயும் இதே கதைன்னு இப்ப தெரியுது, அதுக்கும் லெட்டர் போயிருக்கு, பதில் இன்னும் வரல.