பல டி-சோதனைகளா, ஒரே அனோவாவா: வருமான ஒப்பீட்டில் என் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கணக்கெடுப்புத் தரவோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு: இந்த நான்கைந்து சமூகக் குழுக்களின் சராசரி வருமானத்தில் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா, அல்லது மாதிரி எடுத்ததில் தற்செயலாக அப்படித் தெரிகிறதா? இதற்குப் பல வருடங்களாக, எல்லாக் குழுக்களின் சராசரிகளையும் ஒரே சோதனையில் ஒப்பிடும் ஒருவழி மாறுபாட்டுப் பகுப்பாய்வைத்தான் பயன்படுத்தி வருகிறேன். எல்லோரும் அனோவா என்று சொல்லும் அதேதான். அது எங்கே காப்பாற்றுகிறது, எங்கே காலை வாருகிறது என்பதைச் சொல்கிறேன்.

குழுக்கள் இரண்டே என்றால் விவாதமே வேண்டாம், இரண்டு சராசரிகளை மட்டும் ஒப்பிடும் டி-சோதனை போதும். அங்கே அனோவா போட்டாலும் கிடைக்கும் எஃப் மதிப்பு, சம மாறுபாடு என்று வைத்துக்கொண்ட டி மதிப்பின் வர்க்கமாகத்தான் இருக்கும். குழுக்கள் கூடும்போதுதான் சிக்கல். நான்கு குழுக்களில் ஆறு ஜோடிகள், ஆறு குழுக்களில் பதினைந்து ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே 5 சதவீத அளவில் டி-சோதனை போட்டால், ஒவ்வொன்றும் பொய்யாக மணியடிக்க ஒரு வாய்ப்பு. நான்கு குழுக்களின் உண்மையான சராசரியும் ஒன்றேதான் என்று வைத்துக்கொண்டாலும், ஆறில் ஒன்றாவது 'வித்தியாசம் உண்டு' என்று தப்பாகச் சொல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம். ஆறு குழுக்களில் அது மூன்றில் ஒரு பங்கையும் தாண்டிவிடும்.

பாடப்புத்தகங்களில் இதற்கு 1 - 0.95^6 என்று போட்டு 26 சதவீதம் என்று காட்டுவார்கள். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால்தான் அந்தக் கணக்கு சரி. ஒரே குழுவின் சராசரி மூன்று ஜோடிகளில் வருவதால் இங்கே அவை சார்ந்தவை. அதனால் உண்மையான எண் கொஞ்சம் குறைவு. குறைவு என்றாலும் நாம் கேட்ட 5 சதவீதத்தைப் போல நான்கு மடங்கு.

நடைமுறையில் நான் பார்ப்பது இன்னும் நுணுக்கமான ஒரு தவறு. யாரும் ஆறு சோதனையும் போடுவதில்லை. சராசரிகளை வரிசைப்படுத்தி, மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் எடுத்து, ஒரே ஒரு டி-சோதனை போட்டுவிட்டு 'நான் ஒன்றுதானே செய்தேன்' என்பார்கள். தரவைப் பார்த்த பிறகு இரண்டு ஓரங்களைத் தேர்ந்தெடுத்தால், மீதி ஐந்து சோதனைகளையும் கண்ணாலேயே செய்து முடித்துவிட்டதாகத்தான் அர்த்தம். டி அட்டவணை, தற்செயலாக எடுத்த ஒரு ஜோடிக்கானது. வகுப்பிலேயே உயரமானவரையும் குள்ளமானவரையும் நிற்க வைத்து, யாரோ இரண்டு பேருக்கான அளவுகோலால் அளக்க முடியுமா?

ஒரு சின்ன உதாரணம், கையாலேயே போட்டுப் பார்க்கலாம். எண்களை வசதிக்காக நானே அமைத்தேன். மாத வருமானம் ஆயிரங்களில்.

அ குழு: 18, 20, 22, 24, 26. சராசரி 22.
ஆ குழு: 20, 22, 24, 26, 28. சராசரி 24.
இ குழு: 21, 23, 25, 27, 29. சராசரி 25.
ஈ குழு: 23, 25, 27, 29, 31. சராசரி 27.

முதலில் அ, ஈ இரண்டையும் மட்டும் எடுத்து டி-சோதனை. ஒவ்வொரு குழுவிலும் சராசரியிலிருந்து விலக்க வர்க்கங்களின் கூட்டல் 40, அதை 4 ஆல் வகுத்தால் மாறுபாடு 10. இரு சராசரிகளின் வித்தியாசம் 5, அதன் திட்டப் பிழை 2. ஆக டி 2.5. கட்டின்மைக் கூறு 8க்கு எல்லை 2.306. தாண்டிவிட்டது. வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு பெரிய டி வரும் வாய்ப்பு, அதாவது பி மதிப்பு, சுமார் 0.037. 'ஈ குழு கூடுதலாகச் சம்பாதிக்கிறது' என்று அறிக்கை எழுதக் கை பரபரக்கும்.

இப்போது அதே இருபது எண்களுக்கு அனோவா. குழுவுக்குள் இருக்கும் சிதறல்: நாற்பது, நான்கு முறை, 160. அதை 16 ஆல் வகுத்தால் 10. குழுக்களுக்கு இடையில்: மொத்தச் சராசரி 24.5, அதிலிருந்து நான்கு சராசரிகளும் விலகும் தூரம் 2.5, 0.5, 0.5, 2.5. வர்க்கங்களின் கூட்டல் 13, குழுவுக்கு ஐந்து பேர் என்பதால் 65. அதை 3 ஆல் வகுத்தால் 21.67. இதைக் குழுவுக்குள் வந்த 10 ஆல் வகுத்தால் எஃப் 2.17 வருகிறது. எல்லையோ 3.24. பி மதிப்பு சுமார் 0.13. நான்கு சராசரிகளும் இவ்வளவு தூரம் பிரிந்து நிற்பது தற்செயலுக்குள் அடங்கக்கூடியதுதான் என்கிறது அனோவா.

எல்லா ஜோடிகளுக்கும் சேர்த்தே பொய் மணியை 5 சதவீதத்துக்குள் வைக்கும் டூக்கி முறையில் ஜோடிகளைப் பார்த்தாலும் இதே பதில்தான். இந்தத் தரவுக்கு அந்த முறை கேட்கும் குறைந்தபட்ச வித்தியாசம் சுமார் 5.7. நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய வித்தியாசம் 5. தனி டி-சோதனை கேட்டது 4.6தான். நான்கு குழுக்களில் இரண்டு ஓரங்களைத் தேர்ந்தெடுத்ததற்கான கூலிதான் இடையில் இருக்கும் 1.1. அதே சமயம், வித்தியாசம் இல்லவே இல்லை என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மொத்தச் சிதறல் 225இல் 65, அதாவது 29 சதவீதம், குழுக்களுக்கு இடையில்தான் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை போதாது, அவ்வளவுதான்.

சரி, எஃப் எல்லையைத் தாண்டினால்? 'எல்லாச் சராசரியும் ஒன்றல்ல' என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. எந்தக் குழு வேறுபடுகிறது என்று அதற்குத் தெரியாது. அப்புறம் ஜோடிகளைப் பார்த்துத்தான் ஆகவேண்டும். இங்கேதான் பலர் கதவைத் திறந்துவிட்டுக் காவலை எடுத்துவிடுகிறார்கள்: எஃப் தேறிவிட்டது, இனி சாதாரண டி-சோதனைகள் போடலாம் என்று. மூன்று குழுக்கள் வரை அது ஓரளவு ஓடும். நான்கு குழுக்களில் ஒன்று மட்டும் வெகு தூரம் விலகி, மற்ற மூன்றும் சமம் என்று வையுங்கள். அந்த ஒன்றின் தயவால் எஃப் எப்போதும் தேறும். பிறகு சமமான மூன்றுக்குள் மூன்று ஜோடிகள் காவலில்லாமல் ஓடும். பொய் மணி வாய்ப்பு 12 சதவீதத்தைத் தொடும். அதனால் நான் எஃப்பைத் தாண்டினாலும் டூக்கியை விடுவதில்லை. சொல்லப்போனால் டூக்கி தனியாகவே அந்த 5 சதவீதத்தைக் காக்கும், அதற்கு எஃப் முன்னுரை தேவையே இல்லை. எஃப்பை நான் வைத்துக்கொள்வது, மொத்தப் படத்தை ஒரே வரியில் சொல்லத்தான்.

இதுவரை சொன்னது எந்தத் தரவுக்கும் பொருந்தும். வருமானம் என்று வரும்போதுதான் அனோவா நிஜமாகவே சோதிக்கப்படுகிறது. வருமானத்தில் சராசரி கூடினால் சிதறலும் கூடும், இது கிட்டத்தட்ட விதி. மேல்நிலையில் இருக்கும் குழு பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையில் சிறியது, உள்ளே ஏற்றத்தாழ்வோ பெரியது. வழக்கமான அனோவாவுக்கு இதைவிட மோசமான கூட்டணி கிடையாது.

மூன்று குழுக்களில் நூறு நூறு பேர், திட்ட விலக்கம் 8. நான்காவதில் இருபது பேர் மட்டும், திட்ட விலக்கம் 30. அனோவா நான்கு மாறுபாடுகளையும் ஆள் கணக்கில் கலந்து ஒன்றாக்கும். பொதுத் திட்ட விலக்கம் சுமார் 10.7 என்று வரும். அதை வைத்துச் சிறிய குழுவின் சராசரிக்குத் திட்டப் பிழை போட்டால் 2.4. உண்மையில் அது 30ஐ 20இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, 6.7. கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிக நம்பிக்கையோடு அந்தச் சராசரியைப் பார்க்கிறோம். 5 சதவீதம் என்று நாம் நினைக்கும் பொய் மணி இங்கே அதைவிட நிறைய அடிக்கும். தலைகீழாக, பெரிய குழுவில் சிதறல் அதிகம் என்றால் அனோவா மந்தமாகி, இருக்கும் வித்தியாசத்தையும் தவறவிடும்.

எனவே வருமானத்துக்கு நான் இப்போது முதலில் எடுப்பது வெல்ச் 1951இல் தந்த வடிவம். ஒவ்வொரு குழுவின் மாறுபாட்டையும் அது தனியாகவே வைத்துக்கொள்ளும். மாறுபாடுகள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையில் தேறினால் வழக்கமானது, தோற்றால் வெல்ச் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறிய மாதிரியில் லெவீன் சோதனைக்கே பிரச்சினையைக் கண்டுபிடிக்கும் பலம் இருக்காது. மாறுபாடுகள் சமமாகவே இருந்தாலும் வெல்ச்சால் இழப்பது மிகக் கொஞ்சம். ஜோடிகளுக்கு டூக்கிக்குப் பதில், சம மாறுபாடு கேட்காத கேம்ஸ்-ஹோவெல் முறை. ஆர் மென்பொருளில் `aov` மாறுபாடுகளைக் கலந்துவிடும். `oneway.test` ஒன்றும் சொல்லாமல் விட்டாலே வெல்ச்தான்.

```
oneway.test(income ~ group, data = d)
oneway.test(log(income) ~ group, data = d)
```

இரண்டாவது வரியில் மடக்கை எடுத்திருக்கிறேன். நீண்ட வலதுபக்க வாலை அது மடித்துவிடும், சிதறல்களும் ஓரளவு சமமாகும். ஆனால் கேள்வி மாறிவிடுகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும்: கூட்டுச் சராசரிக்குப் பதில் பெருக்குச் சராசரியை ஒப்பிடுகிறோம், 'எவ்வளவு பணம் கூடுதல்' என்பதற்குப் பதில் 'எத்தனை மடங்கு' என்று கேட்கிறோம். ஒரு குழுவுக்கு மொத்தமாக எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதே கேள்வியென்றால் மடக்கை வேண்டாம். வருமானமே இல்லாதவர்கள் தரவில் இருந்தால் அது அப்படியே உடைந்துவிடும். அப்போது எல்லா எண்ணோடும் 1 கூட்டிவிட்டு மடக்கை எடுப்பார்கள். வருமானத்தை ஆயிரங்களில் எழுதினோமா, முழுத் தொகையாக எழுதினோமா என்பதைப் பொறுத்து முடிவே மாறும் வித்தை அது. நான் வருமானம் உள்ளவர்களின் விகிதத்தைத் தனியாகவும், உள்ளவர்களின் வருமானத்தைத் தனியாகவும் ஒப்பிடுகிறேன்.

வெல்ச்சாலும் தீராத ஒன்று, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேரைத் தனித்தனி வரிகளாகத் தரவில் சேர்ப்பது. அவர்கள் வருமானம் ஒன்றோடொன்று ஒட்டியது. முந்நூறு வரிகள் இருந்தாலும் தகவல் அதைவிடக் குறைவு. அனோவாவோ முந்நூறு என்றே நம்பும். குடும்பத்துக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் எஃப் எவ்வளவு இறங்குகிறது என்பதே பிரச்சினையின் அளவைக் காட்டிவிடும்.

டி-சோதனையை நான் முழுக்கக் கைவிடவில்லை. தரவு வருவதற்கு முன்பே 'அ குழுவையும் ஈ குழுவையும் மட்டும் ஒப்பிடப் போகிறோம்' என்று திட்டத்தில் எழுதியிருந்தால் அந்த ஒன்றுக்கு வெல்ச் டி-சோதனைதான் சரி, நேரடி, பலமும் அதிகம். மேலே போட்ட உதாரணத்தில் அப்படி எழுதி வைத்திருந்தால் அந்த 0.037 செல்லும். அதனால் யாராவது ஒற்றை டி-சோதனை முடிவோடு வந்தால் நான் முதலில் கேட்பது பி மதிப்பை இல்லை. மொத்தம் எத்தனை குழுக்கள் இருந்தன, இந்த ஜோடியை எப்போது தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைத்தான்.