680 வெள்ளிக்குக் காதுக்கருவி என்று விற்றது வெறும் ஒலிபெருக்கி

விற்றவர் பெயர் போடவில்லை. எல்லாரும் பொருள் வாங்கும் பெரிய இணையச் சந்தை, அதில் கோலாலம்பூர் முகவரி போட்ட ஒரு விற்பனையாளர். அப்பாவுக்குக் காதுக்கருவி ஒரு ஜோடி, 680 வெள்ளி. நாங்கள் பினாங்கில் இருப்பதால் நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை.

சான்றிதழ் கேட்டதும் இரண்டு படம் அனுப்பினார்கள். ஒன்று கழுகுச் சின்னத்தோடு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. கொடுத்ததாகப் பதிவுச் சான்றிதழ். இன்னொன்று நம் எம்.டி.ஏ., அதாவது மருத்துவச் சாதன ஆணையம் கொடுத்த உரிமம். "அக்கா, கவர்மென்ட் பேப்பரே இருக்கு, பயப்படாதீங்க" என்றார் அந்தத் தம்பி. கேட்டதும் காகிதம் வந்துவிட்டதே என்று உடனே பணம் போட்டேன்.

அப்பா போட்டதும் மின்விசிறி இரைகிறது, தட்டு வைத்தால் துள்ளுகிறார், பேரப்பிள்ளை பேசுவது மட்டும் புரியவில்லை. செவித்திறன் நிபுணர் அவருடைய ஆடியோகிராமை, அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். அப்பாவுக்குத் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்கின்றன. 'ச', 'த' போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த அதிர்வெண்கள்தான் போய்விட்டன. உண்மையான கருவியை அந்த வரைபடத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக அமைப்பார்கள். இது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக ஏற்றுகிறது. அளவுக்கு மீறினால் மிச்சமிருக்கும் செவித்திறனும் கெடுமாம்.

விற்பனைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று அடையாளம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அச்சு. தயாரிப்பாளர் பெயர் இல்லை, தொடர் எண் இல்லை. பெட்டியில் ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று சொல்லும் CE குறி மட்டும் தனியாக நிற்கிறது. ஐரோப்பாவில் ஆபத்து அளவின்படி காதுக்கருவி IIa வகுப்பு, அதனால் சோதித்த அமைப்பின் நான்கு இலக்க எண்ணும் CE பக்கத்தில் வர வேண்டும்.

அந்தக் காகிதங்கள்? எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ் என்று எதையும் தருவதே இல்லை. எம்.டி.ஏ. உரிமம் அசல்தான், ஆனால் அது நிறுவனத்துக்கு. இந்தக் கருவிக்கு அல்ல!

கேட்டால் முதலில் "பழகணும்க்கா, ரெண்டு வாரம் ஆகும்." அப்புறம் "பெட்டியைத் திறந்துட்டீங்க, காதுல போட்ட பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்." சந்தைக்காரர்களிடம் புகார் செய்தால், பொருள் படத்தில் உள்ளபடியே வந்திருக்கிறது என்று மூடிவிட்டார்கள். ஆமாம், படத்தில் உள்ளபடியேதான் வந்தது. 680 வெள்ளி!

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. இதையாவது செய்யுங்கள். சாதனத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். நம் நாட்டில் காதுக்கருவி B வகுப்பு என்பதால் GB என்று தொடங்கும். அதை எம்.டி.ஏ.வின் இணையப் பதிவேட்டில் தேடி, மாடல் பெயர் பெட்டியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆடியோகிராம் கேட்காமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள், கட்டணம் 5 வெள்ளிதான். நான் மனு கொடுத்துவிட்டேன்.

அந்த விளம்பரம் இன்று காலையும் அப்படியே ஓடுகிறது, விலை மட்டும் 720 ஆகியிருக்கிறது.