இளநீர், வாழைப்பழம், கீரை: சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு எதில் ஆபத்து அதிகம்?

சிறுநீரகம் பழுதடைந்தால் பொட்டாசியம் சரியாக வெளியேறாமல் ரத்தத்தில் சேர்வதுதான் ஆபத்து. 100 கிராமுக்கு எவ்வளவு பொட்டாசியம் என்று அட்டவணையைப் பார்த்தால் கீரைதான் பெரிய எதிரியாகத் தெரியும். பச்சையாக எடைபோட்ட தண்டுக்கீரையில் சுமார் 600 மில்லிகிராம், வாழைப்பழத்தில் 360, இளநீரில் 250. இதை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் கீரையை அடியோடு நிறுத்துகிறார்கள். "வெறும் தண்ணீர்தானே" என்று இளநீரைக் குடிக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் நிலைமை நேர்மாறு.

ஒரு காயில் 300 மில்லி இளநீர் இருந்தால் அதுவே 750 மில்லிகிராம். பெரிய காய் என்றால் இன்னும் கூடும். அதில் நார் அநேகமாகக் கிடையாது, மெல்லவும் வேண்டாம். இரண்டு நிமிடத்தில் வயிற்றுக்குள் போய், கிட்டத்தட்ட முழுவதும் விரைவாக ரத்தத்தில் கலந்துவிடும். நல்ல சிறுநீரகம் இந்த உபரியைச் சில மணி நேரத்தில் சிறுநீரில் தள்ளிவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கிறது. அடுத்த டயாலிசிஸ் வரை அது உடம்பிலேயே கிடக்கும். அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரில் 300 மில்லியும் சேர்ந்தே போய்விடுகிறது. மேலும், இளநீரிலிருந்து பொட்டாசியத்தை மட்டும் பிரித்தெடுக்க வீட்டில் எந்த வழியும் இல்லை.

வாழைப்பழத்தில் அளவுதான் எல்லாம். தோல் நீக்கி 120 கிராம் வரும் பெரிய பழத்தில் சுமார் 430 மில்லிகிராம். 50 கிராம் சதை வரும் சின்ன ஏலக்கிப் பழத்தில் 180 தான். ரகம் மாறினால் பொட்டாசியம் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், குறைவது எடைதான். ஏலக்கி மூன்று சாப்பிட்டால் பெரிய பழத்தையே தாண்டிவிடும்.

கீரைக்கு இருக்கும் வசதி, பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. 75 கிராம் கீரையைப் பொடியாக நறுக்கி, கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடாமல் 10 நிமிடம் வேகவிட்டு, வடிகட்டி, கரண்டியால் அழுத்திப் பிழிந்தால், சுமார் 450 மில்லிகிராமில் பாதியளவு வெளியேறும் என்று கணக்கு வைக்கலாம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நம் சமையலில் தவறு நடப்பது இங்கேதான்: சத்து போய்விடுமே என்று கீரை வேகவைத்த தண்ணீரை ரசத்தில் சேர்ப்பது, குக்கரில் பருப்போடு கால் டம்ளர் தண்ணீரில் வேகவைத்துக் கடைவது. இரண்டிலும் பொட்டாசியம் எங்கும் போகவில்லை, பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆவியில் வேகவைத்தாலும் அதிகம் குறையாது. வடிகட்டுவதில் சில வைட்டமின்களும் போகும் என்பது உண்மை. இந்த நிலையில் அது ஏற்கத்தக்க இழப்பு. தாளிக்கும்போது 'சோடியம் குறைந்த உப்பு' மட்டும் வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு.

ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மருத்துவர் சொன்ன வரம்பு 2,000 மில்லிகிராம் என்று கொள்வோம். இட்லி, சோறு, கொஞ்சம் பருப்பு, வடித்த காய், ஒரு டம்ளர் பால் எல்லாம் சேர்ந்து 1,500 ஆகிவிட்டால் மிச்சம் 500. ஓர் இளநீர் அதை 250 மீறும். ஒரு பெரிய வாழைப்பழம் அநேகமாக மொத்தத்தையும் விழுங்கிவிடும். வடித்த கீரை 225, ஒரு சின்ன ஏலக்கிப் பழம் 180, இரண்டையும் சேர்த்தாலும் 405 தான். ஆகவே எங்கள் வரிசை: முதலில் வடித்த கீரை, அடுத்து எப்போதாவது ஒரு சின்னப் பழம், இளநீர் கடைசியில்கூட இல்லை.

இந்த 2,000 எல்லோருக்கும் பொருந்தாது. ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருப்பது வழக்கமான அளவு. சிறுநீர் நன்றாகப் போகிறவருக்கும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் சிலருக்கும் அது குறைந்துகூட இருக்கலாம். அவர்கள் காரணமின்றிக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஸ்பைரனோலாக்டோன், சில ரத்த அழுத்த மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும். மலச்சிக்கலும் ஏற்றும், ஏனெனில் சிறுநீரகம் கைவிட்ட பிறகு குடல் வழியாகக் கொஞ்சம் வெளியேறிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால் இரண்டு நாள் விழும் நீண்ட இடைவெளியில்தான் அதிகக் கவனம் வேண்டும்.

அளவு 6-ஐத் தாண்டியும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கால் சோர்ந்து எழுந்திருக்க முடியாமை, படபடப்பு, துடிப்பு மெதுவாவது, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், கடைசி டயாலிசிஸ் எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லி, ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.