கிலோவா, மீட்டரா? ஃபிட்-கேப் பட்டியலை வைத்து வாட்டர்ஃபால், அஜைல் இரண்டையும் எடைபோடுவது

எஃகுச் சுருள்களை எடைக்கு வாங்கி, வாடிக்கையாளர் கேட்கும் நீளத்துக்கு வெட்டி, மீட்டர் கணக்கில் விற்கும் நிறுவனம் ஒன்றில், கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் இணைக்கும் ஈஆர்பியை நிறுவும் குழுவில் இருந்தேன். நிறுவனத்தின் தேவைகளில் மென்பொருளோடு பொருந்துபவை ‘ஃபிட்’, பொருந்தாதவை ‘கேப்’ என்று பிரித்துப் பட்டியலிடும் ஃபிட்-கேப் ஆய்வின் முதல் வாரம். “கிலோவை மீட்டராக எப்படி மாற்றுகிறீர்கள்?” என்று ஆலோசகர் கேட்டார். “அதற்கு அட்டவணை இருக்கிறது சார்” என்றார் கிடங்குப் பொறுப்பாளர். தடிமன் 0.5 மி.மீ., அகலம் 1,200 மி.மீ. என்றால் மீட்டருக்கு 4.71 கிலோ. பொருளுக்கு ஒரு மாற்று விகிதம் கொடுக்க மென்பொருளிலும் இடம் உண்டு. பட்டியலில் அந்த வரிக்கு நேராக ‘ஃபிட்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அது ஃபிட் இல்லை. ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு சுருளின் தடிமனும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் சற்றே மாறும். ஒரு சுருள் 0.49 மி.மீ. இருந்தால் மீட்டருக்கு 4.616 கிலோதான். 5,000 கிலோ சுருளில் அட்டவணைக் கணக்குப்படி 1,061 மீட்டர் இருக்க வேண்டும். அவிழ்த்து அளந்தால் 1,083 மீட்டர் வரும். கிடங்கு ஆட்கள் இதை என்றோ அறிந்தவர்கள். சுருளின் மேல் சுண்ணக்கட்டியால் உண்மை நீளத்தைக் குறித்துவைத்து அதன்படியே வெட்டினார்கள். அதை ஒரு ‘நடைமுறை’ என்று அவர்கள் நினைக்கவில்லை. அதனால் எவரும் சொல்லவில்லை.

எங்களுடையது வாட்டர்ஃபால் திட்டம். ஆய்வு, வடிவமைப்பு ஆவணம், கையெழுத்து, கட்டமைப்பு, சோதனை, நேரலை என்று ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. துறைத் தலைவர்கள் வடிவமைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். முழுவதும் படித்தவர் ஒருவராவது இருந்தாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஒன்பதாவது மாதம், பயனர் ஏற்புச் சோதனையில் ஒரு சுருளை வெட்டி முடித்தபோது திரையில் இருப்பு பூஜ்யம். தரையிலோ 22 மீட்டர், ஏறக்குறைய 100 கிலோ எஃகு மீதம் கிடந்தது. சுருள் ஒவ்வொன்றுக்கும் தனித் தொகுதி எண்ணும், அதற்கென ஒரு மாற்று விகிதமும் தேவை என்பது அப்போதுதான் விளங்கியது. உற்பத்தி ஆணை, பார்கோடு சீட்டு, விற்பனை விலை, இருப்பு அறிக்கை எல்லாம் அதற்குள் பழைய விகிதத்தின் மேல் எழும்பி நின்றன. எல்லாவற்றையும் திறக்க வேண்டியதாயிற்று; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்றக் கோரிக்கை, தனித்தனிக் கட்டணம்.

வாட்டர்ஃபாலின் பலவீனம் வரிசையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. “இன்று எப்படிச் செய்கிறீர்கள்?” என்று வெறும் தாளை நீட்டிக் கேட்டால் இரண்டு விபத்துகள் நேரும். பழக்கத்தில் ஊறியவற்றைப் பயனர் சொல்லவே மாட்டார். ஆசைப்படுபவற்றையோ தேவைகள் என்று அடுக்குவார். முதலாவது கேப்களை மறைக்கிறது. இரண்டாவது இல்லாத கேப்களை உருவாக்குகிறது. ஈஆர்பி விற்கும் எஸ்ஏபி நிறுவனமே தன் பழைய ‘அசாப்’ வழிமுறையில் தேவைகளை முதலில் கேட்டு எழுதும் ‘பிசினஸ் புளூபிரிண்ட்’ கட்டத்தை விட்டு, 2015-இல் வந்த ‘ஆக்டிவேட்’ வழிமுறையில் ‘ஃபிட்-டு-ஸ்டாண்டர்ட்’ பட்டறைக்கு மாறியது. அங்கே முதலில் மென்பொருளின் நிலையான நடைமுறையை ஓட்டிக் காட்டுகிறார்கள், பிறகுதான் “இப்படிச் செய்வதில் உங்களுக்கு என்ன தடை?” என்று கேட்கிறார்கள்.

ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய சுற்றுகளாகக் கட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் பயனரிடம் காட்டித் திருத்திச் செல்லும் அஜைல் இந்த இடத்தில் வெளிப்படையாக வெல்கிறது. இதே தொழிலில் வேறொரு நிறுவனத்தின் திட்டம் இரண்டு வார ஸ்பிரிண்ட்களாக நடந்தது. இரண்டாவது ஸ்பிரிண்ட் முடிவில் உண்மையான சுருள்களின் எடைச் சீட்டுகளை வைத்துச் சரக்கு வரவைக் காட்டியபோது, கிடங்கிலிருந்து வந்தவர் திரையைப் பார்த்துச் சிரித்தார். “இந்தச் சுருளில் இவ்வளவு குறைவாக வராது” என்றார். எங்களுக்கு ஒன்பது மாதம் பிடித்தது அங்கே நான்கு வாரத்தில் தெரிந்துவிட்டது.

ஆனால் அவர்கள் வேறொரு குழியில் விழுந்தார்கள். செய்ய வேண்டிய வேலைகளின் முன்னுரிமைப் பட்டியலான பேக்லாக்கின் உச்சியில் இருந்தது விற்பனை ஆணை. முன்னுரிமையை முடிவுசெய்தவரும் விற்பனை மேலாளரே. எனவே முதல் ஸ்பிரிண்டிலேயே பொருளின் அடிப்படை அலகாக மீட்டரை வைத்துவிட்டார்கள். அவர் பார்வையில் அது சரியே. நான்காவது ஸ்பிரிண்ட் முடிந்ததும் ஒரு கிளைக் கிடங்கை மட்டும் நேரலைக்குக் கொண்டுவந்தார்கள். கணக்குத் துறை ஐந்தாவது ஸ்பிரிண்டில்தான் உள்ளே வந்தது. கொள்முதல் பட்டியலும் சரக்கு மதிப்பும் அவர்களுக்குக் கிலோவில், இருப்போ மீட்டரில். ஒவ்வொரு வரவிலும் மீட்டர் அடக்கவிலை ஏறி இறங்கியது. ஏன் என்று தணிக்கையாளருக்கு விளக்க முடியவில்லை.

சரி, அலகை மாற்றிவிடலாமே? அங்கேதான் ஈஆர்பி மற்ற மென்பொருள்களிலிருந்து வேறுபடுகிறது. ஒரு பொருளுக்கு இருப்பும் திறந்த ஆணைகளும் பதிவாகிவிட்ட பிறகு அடிப்படை அலகை மாற்றப் பெரும்பாலான ஈஆர்பிகள் விடாது. புதிய பொருள் குறியீடுகளைத் திறந்து, பழைய இருப்பைப் பூஜ்யமாக்கிப் புதியதில் ஏற்றி, பாதியில் நின்ற ஆணைகளை மூடி மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. அந்தக் கிளை ஆறு வார இறுதிகளை இழந்தது. ‘பிறகு திருத்திக்கொள்ளலாம்’ என்பது அஜைலின் ஆதாரம். பிறகு திருத்தவே முடியாத முடிவுகள் சில ஈஆர்பிக்குள் உண்டு.

ஆகவே ‘நம் திட்டத்துக்கு எது பொருந்தும்?’ என்ற பொதுக் கேள்வியை நான் கேட்பதில்லை. ஃபிட்-கேப் பட்டியலில் வழக்கமாக இருக்கும் தேவை, ஃபிட் அல்லது கேப், தீர்வு, உழைப்பு நாட்கள் என்ற பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்க்கிறேன்: ‘முதல் பரிவர்த்தனைக்குப் பிறகு மாற்ற முடியுமா?’ ‘முடியாது’ என்று வரும் வரிகள் பெரும்பாலும் ஒரே வகையறா: அடிப்படை அலகு, தொகுதி மேலாண்மை, சரக்கு மதிப்பீட்டு முறை, நிறுவனக் கட்டமைப்பு, கணக்குத் தலைப்புகளின் அமைப்பு. இவை ஃபிட்டாக இருந்தாலும் சரி, கேப்பாக இருந்தாலும் சரி, வாட்டர்ஃபால் பாணியில் எல்லாத் துறைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எழுதி, கையெழுத்து வாங்கியே தீர வேண்டும். அறிக்கை, அச்சுப் படிவம், ஒப்புதல் படிநிலை, திரையின் புலங்கள் போன்றவற்றை ஸ்பிரிண்டில் விடலாம். ஒரு படிவத்தை மூன்று முறை மாற்றினால் யாருக்கும் இழப்பில்லை.

பழைய இருப்பை ஏற்றி நேரலைக்கு மாறும் அந்தக் கடைசி நாட்கள் எந்தப் பெயரில் நடந்தாலும் வாட்டர்ஃபால்தான். அதை விவாதிப்பதில் பயனில்லை.

பிறகு வந்த ஒரு திட்டத்தில் பட்டியல் 140 வரிகள். புதிய பத்தியில் ‘முடியாது’ என்று வந்தவை 11. அவற்றுக்காக இரண்டு வாரம் ஒதுக்கியபோது, எதையும் உருவாக்காமல் இரண்டு வாரமா என்று திட்ட மேலாளர் முகம் சுளித்தார். அளவலகு பற்றிய கூட்டத்துக்குக் கிடங்கிலிருந்து வருபவரிடம் அட்டவணையைக் கேட்கவில்லை. கடைசியாக வெட்டிய பத்துச் சுருள்களின் எடைச் சீட்டையும் சுண்ணக்கட்டிக் குறிப்பையும் கொண்டுவரச் சொன்னேன். ஏழு சுருள்கள் அட்டவணையோடு ஒத்துவரவில்லை. விற்பனை, கணக்கு, கிடங்கு மூவரும் அரை நாள் வாதாடிவிட்டுக் கிலோவை அடிப்படை அலகாகவும், சுருளுக்குச் சுருள் மீட்டர் விகிதத்தைத் தொகுதியிலும் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள்.